டேர்ம் பாலிசி பிரீமியம்: மாதமா, வருடமா, பத்து வருடத்தில் முடிப்பதா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

டேர்ம் பாலிசி எடுக்கப் போகிறவர் காப்புத் தொகையையும் நிறுவனத்தையும் ஒருவழியாகத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கடைசிப் பக்கத்துக்கு வருவார். அங்கே மூன்று எண்கள் நிற்கும். மாதம் இவ்வளவு, வருடம் இவ்வளவு, பத்து வருடத்தில் கட்டி முடித்தால் இவ்வளவு. மூன்றாவதன் பக்கத்தில் "இத்தனை ஆயிரம் மிச்சம்" என்று பச்சை நிறத்தில் ஒரு வரி இருக்கும். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது அந்த வரியில்தான்.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றியது மட்டும். எவ்வளவு காப்பு வேண்டும், எந்த நிறுவனம் நல்லது என்பதற்குள் போகவில்லை.

## 1. இரண்டு கேள்விகளைப் பிரித்து வையுங்கள்

திரையில் மூன்று விருப்பங்கள் ஒன்றாகத் தெரிந்தாலும் அவற்றுக்குள் இருப்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதலாவது, எத்தனை வருடம் கட்டப் போகிறீர்கள்? காப்பு இருக்கும் காலம் முழுவதும் கட்டினால் அது ரெகுலர் பே. காப்பு 30 வருடம் இருக்க, பணத்தை மட்டும் 10 வருடத்தில் கட்டி முடித்தால் லிமிடெட் பே. இரண்டாவது கேள்வி, ஒரு வருடத்துப் பிரீமியத்தை ஒரே தவணையில் கட்டுவதா, பன்னிரண்டாகப் பிரித்துக் கட்டுவதா என்பது.

முதல் கேள்வியை முதலில் முடிக்கக் காரணம் உண்டு. மாதத் தவணையை வருடத் தவணையாக மாற்றப் பெரும்பாலான பாலிசிகளில் பாலிசி ஆண்டு முடியும்போது எழுதிக் கொடுத்தால் போதும். கட்டும் காலத்தை அப்படி நினைத்தபோது மாற்ற முடியாது. மாற்ற முடியாததை நிதானமாக யோசித்துவிட்டு, மாற்றக்கூடியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லிமிடெட் பேயையும் மாதத் தவணையில் கட்டலாம். "மாதம் கட்டுவதா, லிமிடெட்டா?" என்று கேட்பவர்களுக்கு இது பெரும்பாலும் தெரிந்திருக்காது.

## 2. விலை கேட்கும் முன் நான்கு விஷயங்களைப் பூட்டி வையுங்கள்

காப்புத் தொகை, காப்பு முடியும் வயது, ரைடர்கள், பாலிசியின் வகை. இந்த நான்கும் மூன்று விலைகளிலும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது மூன்று வெவ்வேறு பாலிசிகளை.

சொல்வது எளிது, செய்யும்போது வழுக்கும். சில இணையதளங்களில் லிமிடெட் பேயைத் தொட்டதும் காப்பு முடியும் வயது தானாகவே மாறிவிடும். 62 என்று வைத்திருந்தது 75 ஆகியிருக்கும். விபத்துக் காப்பு, தீவிர நோய்க் காப்பு போன்ற ரைடர்கள் ஒரு பக்கத்தில் டிக் ஆகியும் மறுபக்கத்தில் இல்லாமலும் இருக்கும். கட்டிய பணம் திரும்பி வரும் வகை தெரியாமல் உள்ளே நுழைந்திருந்தால் பிரீமியம் ஒரேயடியாக எகிறும். அதை லிமிடெட் பேயின் தலையில் கட்டிவிடுவார்கள்.

அதனால் ரைடர் எதுவும் இல்லாமல், வெறும் மரணக் காப்புக்கு மட்டும் மூன்று விலைகளையும் முதலில் எடுங்கள். ரைடர் வேண்டுமானால் முடிவெடுத்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

## 3. திரையில் தெரியும் விலையைச் சரியான விலையாக்குங்கள்

முதல் பக்கத்தில் தெரியும் எண் பல நேரம் முதல் வருடத்துக்கு மட்டுமானது. ஆன்லைன் தள்ளுபடி, மாதச் சம்பளக்காரர் தள்ளுபடி என்று முதல் வருடம் குறைத்துக் காட்டிவிட்டு, இரண்டாம் வருடத்திலிருந்து முழுத் தொகை கேட்பார்கள். முதல் எண்ணை 30-ஆல் பெருக்கினால் மொத்தம் தப்பாகிவிடும். பணம் கட்டும் முன் இறக்கிக்கொள்ளக் கிடைக்கும் பயன் விளக்கப் பட்டியலில் வருடவாரியான தொகை இருக்கும். இரண்டாம் வருடத்துத் தொகையை அங்கிருந்து எடுங்கள்.

அடுத்தது ஜிஎஸ்டி. தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு முன் டேர்ம் பாலிசிக்கு 18 சதவீதம் இருந்தது. பழைய எக்செல் கோப்பையோ நண்பர் 2024-இல் போட்ட கணக்கையோ வைத்துக்கொண்டு மேலே 18 சதவீதம் கூட்டாதீர்கள்.

மாதப் பிரீமியத்தில் இன்னொன்று. சில நிறுவனங்கள் தொடங்கும்போதே இரண்டு, மூன்று மாதத் தொகையைச் சேர்த்து வாங்கும். அது கூடுதல் கட்டணம் இல்லை, முன்பணம்தான். மொத்தத்தில் அதை இரண்டு தடவை எழுதிவிடக் கூடாது.

## 4. மொத்தத்தை எழுதுங்கள், ஆனால் அங்கேயே முடிவெடுக்காதீர்கள்

ஒரு கணக்கை முழுதாகப் போடலாம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்க்கும் 32 வயதுக்காரர். புகைப்பழக்கம் இல்லை. 1 கோடி ரூபாய் காப்பு, 62 வயது வரை, அதாவது 30 வருடம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்களுக்கு வந்த எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

- மாதம் 1,050 வீதம் 30 வருடம்: மொத்தம் 3,78,000
- வருடம் 12,000 வீதம் 30 வருடம்: மொத்தம் 3,60,000
- வருடம் 25,000 வீதம் 10 வருடம்: மொத்தம் 2,50,000

கூட்டிப் பார்த்தால் லிமிடெட் பே 1,10,000 ரூபாய் மிச்சம். பச்சை வரி சொல்வது பொய்யில்லை. ஆனால் இந்தக் கூட்டலில், நாளை கட்டும் ரூபாயும் 29 வருடம் கழித்துக் கட்டும் ரூபாயும் ஒரே எடையில் நிற்கின்றன. விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால், 20 வருடம் கழித்து இவர் கட்டும் 12,000 ரூபாய் இன்றைய கணக்கில் சுமார் 4,500 ரூபாய்தான். ரெகுலர் பேயின் பெரும்பகுதி இப்படிக் கரைந்துபோன ரூபாயில் கட்டப்படுகிறது. லிமிடெட் பே முழுவதும் முதல் பத்து வருடத்தின் கெட்டி ரூபாயில் போகிறது.

## 5. லிமிடெட் பே தரும் வட்டி எவ்வளவு என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. லிமிடெட் பே எடுத்தால் முதல் 10 வருடம் ஒவ்வொரு வருடமும் 13,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார் (25,000-இல் 12,000 போக). அதற்குப் பதிலாக அடுத்த 20 வருடம் கட்ட வேண்டிய 12,000 அவருக்கு மிச்சமாகிறது. ஆக, நிறுவனத்திடம் 10 வருடம் 13,000 போட்டு, 20 வருடம் 12,000 திரும்ப எடுக்கிறார். அந்த முதலீடு என்ன வட்டி தருகிறது என்று கேட்டால் விடை வந்துவிடும்.

எக்செலிலோ கூகுள் ஷீட்டிலோ B1 முதல் B10 வரை -13000 என்றும், B11 முதல் B30 வரை 12000 என்றும் நிரப்பி, இன்னொரு கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=IRR(B1:B30)
```

விடை சுமார் 4.3 சதவீதம். முதல் பத்துக் கட்டங்களில் கழித்தல் குறி விட்டுப்போனால் பிழை காட்டும். பலர் அங்கே சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள், குறியைச் சரிபார்த்தாலே போதும்.

இனி இந்த 4.3-ஐ, நீங்கள் உண்மையில் பணம் போட்டு வைக்கும் இடத்தோடு ஒப்பிடுங்கள். வங்கி வைப்பு என்றால் வரி போக வருவதைப் பாருங்கள். 6.5 சதவீத வைப்பு, 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸையும் கழித்தால் 5.1 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதுவே 4.3-ஐ விட அதிகம். பிபிஎஃப் போன்ற வரியில்லாத இடத்தில் போடுகிறவருக்கு இடைவெளி இன்னும் பெரிது.

சதவீதம் பிடிபடாதவர்களுக்கு அதையே ரூபாயில் சொல்கிறேன். அந்தக் கூடுதல் 13,000-ஐ நிறுவனத்திடம் கொடுக்காமல், வரி போக 6 சதவீதம் தரும் இடத்தில் 10 வருடம் போடுகிறார். பத்தாம் வருட முடிவில் சுமார் 1,81,600 ரூபாய் சேரும். மீதி 20 பிரீமியங்களையும் இதே பணத்திலிருந்து கட்ட, அன்றைக்குக் கையில் 1,45,900 இருந்தாலே போதும், மீதி தொடர்ந்து வட்டி ஈட்டும். ஏறக்குறைய 35,700 ரூபாய் மிச்சம். 1,10,000 மிச்சம் என்று பார்த்த பக்கமே இப்போது கூடுதல் விலையாக நிற்கிறது.

உங்கள் விலைகளில் இந்த விடை 4.3 ஆகவே வரும் என்று சொல்லவில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம், வயதுக்கு வயது மாறும். 7 சதவீதத்துக்கு மேல் வந்தால் லிமிடெட் பே நல்ல விலையில் கிடைக்கிறது என்று தைரியமாக எடுக்கலாம். காப்பை 75, 80 வயது வரை நீட்டினால் மிச்சமாகும் வருடங்கள் கூடுவதால் லிமிடெட் பே பார்க்க அழகாகத் தெரியும். ஆனால் சம்பாத்தியம் நின்று, பிள்ளைகள் தலையெடுத்த பிறகும் காப்பு தேவையா என்பதை முதலில் கேளுங்கள்.

## 6. எத்தனையாவது வருடத்தில் இரண்டும் சமமாகின்றன என்று குறியுங்கள்

இதற்கு வட்டிகூட வேண்டாம். 2,50,000-ஐ 12,000-ஆல் வகுத்தால் 20.8. ரெகுலர் பே கட்டுகிறவர் 21-ஆவது பிரீமியம் கட்டும்போதுதான் லிமிடெட் பேயின் மொத்தத்தைத் தாண்டுகிறார். அதற்கு முன் காப்பு எந்தக் காரணத்தால் முடிந்தாலும் வெறும் கூட்டலிலேயே ரெகுலர் பே மலிவு.

காப்பு முடிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மரணம். எட்டாம் வருடம் இவர் இறந்தால் குடும்பத்துக்கு வருவது இரண்டு முறையிலும் அதே 1 கோடிதான். லிமிடெட் பேயில் அதுவரை 2,00,000 போயிருக்கும், ரெகுலர் பேயில் 96,000. கூடுதலாகக் கட்டியதை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. மேலே சொன்னபடி தனியாகச் சேர்த்திருந்தால் அந்தப் பணமும் 1 கோடியோடு சேர்ந்து குடும்பத்துக்கு வரும்.

இன்னொன்று, அவராகவே நிறுத்துவது. 50 வயதில் வீட்டுக்கடன் முடிந்து, மகள் வேலைக்குப் போய்விட்டால் காப்பு தேவைப்படாமல் போகலாம். ரெகுலர் பேக்காரர் அடுத்த பிரீமியத்தைக் கட்டாமல் விட்டால் முடிந்தது. லிமிடெட் பேக்காரர் முழுவதும் கட்டி முடித்திருப்பார். பல லிமிடெட் பே பாலிசிகளில் பாதியில் ஒப்படைத்தால், மீதிக் காலத்துக்கு ஏற்ப ஒரு சிறு தொகை திரும்பக் கிடைக்கும். எவ்வளவு என்ற சூத்திரம் பாலிசி ஆவணத்தில் சரண்டர் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். கட்டியதில் பெரும்பகுதி வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

## 7. இவ்வளவுக்குப் பிறகும் லிமிடெட் பே யாருக்குப் பொருந்தும்?

வருமானம் குறுகிய காலத்துக்கு மட்டும் தடித்து வருகிறவருக்கு. வளைகுடாவில் எட்டு, பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, விவசாயமோ சிறு கடையோ பார்க்க நினைப்பவர் நல்ல உதாரணம். ஊர் திரும்பிய பிறகு பிரீமியம் என்ற கவலை இருக்கக் கூடாது என்று அவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அங்கே 4.3 சதவீதம் குறைவுதான் என்றாலும், பாலிசி காலாவதி ஆகாமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

மிச்சப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்கவே மாட்டேன், கண்டிப்பாகச் செலவாகிவிடும் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். ஆனால் 25,000 கட்ட முடியாததால் காப்பை 1 கோடியிலிருந்து 50 லட்சமாகக் குறைத்து லிமிடெட் பே எடுப்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படிச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எதற்காகப் பாலிசி எடுக்கிறோமோ அதையே பாதியாக வெட்டிவிட்டுக் கட்டும் வசதியைப் பார்ப்பது அது.

வரிக்காக லிமிடெட் பே என்ற பேச்சையும் சோதித்துப் பாருங்கள். 80சி என்று நாம் பழகிய கழிவு பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான், அதுவும் மற்றவற்றோடு சேர்த்து 1.5 லட்சம் வரை. வருங்கால வைப்பு நிதியிலேயே அந்த வரம்பு நிரம்பிவிட்டவருக்கு இதில் ஒரு பைசா கூட லாபமில்லை. புதிய முறைக்குப் போனவருக்கு இந்தக் கழிவே இல்லை.

## 8. இப்போது மாதமா வருடமா என்று பாருங்கள்

நம் உதாரணத்தில் மாதம் 1,050 என்றால் வருடம் 12,600. கூடுதல் 600 ரூபாய், 5 சதவீதம். "வெறும் 5 சதவீதம்தானே" என்பது தவறான வாசிப்பு. வருடத் தொகை 12,000-இல் முதல் மாதமே 1,050 கட்டிவிடுகிறார். மீதி 10,950-ஐத்தான் நிறுவனத்திடம் கடனாக வைத்துக்கொண்டு 11 மாதத் தவணையில் அடைக்கிறார். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. அதன் உண்மையான வட்டி:

```
=RATE(11,-1050,10950)*12
```

விடை 10.8 சதவீதம். உங்கள் எண்களுக்கு, நடுவில் மாதத் தொகையையும், கடைசியில் வருடத் தொகையிலிருந்து ஒரு மாதத் தொகையைக் கழித்து வருவதையும் போடுங்கள்.

இந்த விடை நிறுவனத்துக்கு நிறுவனம் வெகுவாக மாறும். மாதம் 1,020 கேட்கும் நிறுவனத்தில் இதே கணக்கு 4.3 சதவீதம்தான் காட்டும். அங்கே மாதம் கட்டுவதில் பெரிய நஷ்டமில்லை. 1,068 கேட்டால் 14 சதவீதத்தைத் தாண்டிவிடும். சில பாலிசிகளில் மாதத் தவணையே இருக்காது.

10 சதவீதத்துக்கு மேல் வந்தால் நான் சொல்வது இது: முதல் வருடத் தொகையை எப்படியாவது ஒருமுறை புரட்டிக் கட்டிவிடுங்கள். அடுத்த மாதத்திலிருந்து வங்கியில் 1,000 ரூபாய் ஆர்.டி. போடுங்கள். பன்னிரண்டு மாதத்தில் அடுத்த பிரீமியம் தயார், வட்டியும் உங்களுக்கு. அதே மாதத் தவணைதான், வாங்கும் ஆள் மட்டும் மாறுகிறார்.

## 9. தவணை தவறினால் என்ன ஆகும் என்பதையும் விலையில் சேருங்கள்

600 ரூபாயை விடப் பெரிய வித்தியாசம் இங்கே இருக்கிறது. பிரீமியம் தவறினால் கிடைக்கும் சலுகைக் காலம் மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள். 30 வருடத்தில் மாதம் கட்டுகிறவருக்கு 360 தடவை பணம் பிடிக்கப்பட வேண்டும், வருடம் கட்டுகிறவருக்கு 30 தடவை. வேலை மாறும்போது சம்பளக் கணக்கு மாறும். ஆட்டோ டெபிட் பழைய கணக்கிலேயே தட்டிக்கொண்டிருக்கும். குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குப் போகும். 15 நாள் ஓடிவிடும்.

காலாவதியான பாலிசியைப் பொதுவாக ஐந்து வருடத்துக்குள் புதுப்பிக்கலாம். ஆனால் உடல்நிலை உறுதிமொழியோ, மருத்துவப் பரிசோதனையோ கேட்பார்கள். இடையில் சர்க்கரை வந்திருந்தால் பிரீமியம் கூடலாம், மறுக்கவும் செய்யலாம். காலாவதியான நாட்களில் மரணம் நேர்ந்தால் ஒன்றும் கிடைக்காது. மேலும், மூன்று வருடத்துக்குப் பிறகு பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்று இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, புதுப்பித்த தேதியிலிருந்து மறுபடி எண்ணப்படும்.

மாதத் தவணைக்காரர் பாலிசி ஆவணத்தில் இன்னொரு வரியைத் தேட வேண்டும். சில பாலிசிகளில், வருட நடுவில் மரணம் நேர்ந்தால் அந்த வருடத்தின் மீதித் தவணைகளைக் காப்புத் தொகையில் கழித்துக்கொண்டு கொடுப்பார்கள். 1 கோடியில் சில ஆயிரம் பெரிதில்லை. ஆனால் "மாதம் கட்டினால், இறந்தால் மீதி மாதம் மிச்சம்" என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

## 10. கட்டும் நாளில்

வருடத் தவணை எடுத்தால் பாலிசி தொடங்கும் தேதியை யோசித்து வையுங்கள், ஒவ்வொரு வருடமும் அதே தேதியில்தான் பணம் கேட்பார்கள். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணமும் அக்டோபர், நவம்பரில் தீபாவளிச் செலவும் கழுத்தைப் பிடிக்கும் வீட்டில் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. போனஸ் வரும் மாதத்தை ஒட்டி வந்தால் நிம்மதி.

ஆட்டோ டெபிட் கொடுக்கும்போது, சம்பளக் கணக்கைக் கொடுக்காமல் வேலை மாறினாலும் மாறாத சொந்தச் சேமிப்புக் கணக்கைக் கொடுங்கள். உச்சவரம்பை இன்றைய பிரீமியத்துக்குச் சரியாக வைக்காமல், கொஞ்சம் மேலே வையுங்கள். முதல் வருடத் தள்ளுபடி போய் இரண்டாம் வருடத் தொகை கூடும்போது வரம்பு பத்தாமல் டெபிட் திரும்பிவிடும். தேதியும் தொகையும் வாழ்க்கைத் துணையின் போன் காலண்டரிலும் இருக்கட்டும்.

பாலிசி ஆவணம் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தில் நான்கு இடங்களைப் பாருங்கள்: காப்புக் காலம், பிரீமியம் கட்டும் காலம், தவணை முறை, தவணைத் தொகை. 30 வருடம் கட்டுவதாகக் கேட்டது 10 என்று இருந்தால், அல்லது வேண்டாம் என்ற ரைடர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், ஆவணம் கிடைத்த 30 நாளுக்குள் காரணத்தை எழுதித் திருப்பி அனுப்பலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம், அதுவரையான காப்புக்கான சிறு தொகை ஆகியவை போக மீதி வந்துவிடும். அந்த முப்பது நாள் கடந்துவிட்டால் திருத்தம் கேட்டு நிறுவனத்தின் பின்னால் அலைய வேண்டியதுதான்.